ஒரே வருடச் சந்தா, இரண்டு முறை எடுத்த பணம்: நான்கு வருட அனுபவம்

மாடி வீட்டு அக்கா போன வாரம் கேட்டார்: "உங்கம்மா கதை கேக்குறாங்களே, அந்த ஆப் நல்லா இருக்கா? வருஷத்துக்குக் கட்டலாமா?" கட்டலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. மார்ச் மாதம் நடந்ததை முதலில் சொல்லிவிட்டுப் பதில் சொல்கிறேன் என்றேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

ஆப்பைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை. அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்தும் சின்ன எழுத்து தெரிவதில்லை. மதியம் சாப்பிட்டதும் போனைத் தலையணை ஓரமாக வைத்துக்கொண்டு கேட்பார். தூங்கிப்போனால் எந்த இடத்தில் விட்டாரோ அங்கிருந்தே மறுநாள் தொடங்கும். வாசிக்கிற குரல்களும் அருமை. நான்கு வருடமாக 1,499 ரூபாய் தயங்காமல் கட்டினேன்.

என் கோபம் முழுக்க அவர்களுடைய பில்லிங் பிரிவின் மேல்தான்.

மார்ச் 14 சந்தா புதுப்பிக்கும் நாள். டெபிட் கார்டில் தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்திருந்தேன். இப்படி எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த எஸ்எம்எஸ் 13ஆம் தேதி காலையிலேயே வந்தது. 14ஆம் தேதி காலை பணமும் போய்விட்டது. ஆனால் மதியம் அம்மா ஆப்பைத் திறந்தபோது "சந்தா முடிந்துவிட்டது, புதுப்பிக்கவும்" என்று வந்தது. காலையில் பணம் போன எஸ்எம்எஸ்ஸை நான் பார்த்திருக்கவில்லை. அம்மா காத்திருக்கிறாரே என்று யுபிஐயில் இன்னொரு 1,499 கட்டினேன். உடனே கதை ஓட ஆரம்பித்தது. சாயங்காலம் கணக்கைப் பார்த்தபோதுதான் இரண்டு பற்று தெரிந்தது.

அன்று இரவே ஒரு மெயில் போட்டேன்: "இரண்டு முறை பணம் எடுத்துவிட்டீர்கள், திருப்பித் தாருங்கள்." அவ்வளவுதான் எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. தங்கள் பதிவில் ஒரே ஒரு கட்டணம்தான் வெற்றி பெற்றதாகத் தெரிகிறது, இன்னொன்று 5 முதல் 7 வேலை நாட்களில் தானாகத் திரும்பிவிடும் என்றார்கள். நம்பிக் காத்திருந்தேன். ஏழு வேலை நாள் முடிந்தும் எதுவும் வரவில்லை.

வங்கிக் கிளைக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துச் சொன்னது ஒரு வரிதான்: "ரெண்டுமே சக்சஸ். இது தானா திரும்பாது." விஷயம் அங்கேதான் இருக்கிறது. பரிவர்த்தனை நடுவழியில் தோற்று, நம் கணக்கில் மட்டும் பணம் கழிந்திருந்தால் அது தானாகத் திரும்பும். இரண்டும் வெற்றியாக முடிந்து பணம் அவர்கள் கைக்குப் போய்விட்டால், அவர்களாக அனுப்பினால்தான் உண்டு. காலையில் கார்டில் எடுத்த பணத்துக்கான உறுதிச் செய்தி அவர்கள் சர்வரில் நேரத்துக்குப் பதிவாகவில்லை. அதனால் அந்த ஆர்டர் "நிலுவை" என்றே நின்றுவிட்டது. அவர்கள் திரையில் ஒரு கட்டணம், என் பாஸ்புக்கில் இரண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் தங்கள் திரையைத் தாண்டிப் பார்க்கவும் இல்லை.

ஒரு நண்பர், "ஃப்ராடுன்னு பேங்க்ல சொல்லு, அவங்களே பாத்துப்பாங்க" என்றார். எனக்கு ஒப்பவில்லை. இரண்டு கட்டணத்துக்கும் அனுமதி கொடுத்தது நான்தான். மோசடி என்று எழுதினால் அது உண்மையில்லை. கார்டையும் முடக்கிவிடுவார்கள், இந்தப் பணமும் திரும்பாது.

அதனால் மார்ச் 26 அன்று ஒழுங்காக உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். பில்லிங் பிரிவுக்கு அனுப்பி, குறைதீர்ப்பு அதிகாரிக்கும் நகல் வைத்தேன். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது:

"பதிவு செய்த என் மொபைல் எண்ணில் உள்ள ஒரே சந்தாவுக்கு, ஒரே வருடத்துக்கு, மார்ச் 14 அன்று இரண்டு கட்டணங்கள் பெற்றுள்ளீர்கள். முதலாவது காலையில், டெபிட் கார்டு தானியங்கி அனுமதி வழியாக, ரூ. 1,499. இரண்டாவது அன்று மதியம், யுபிஐ வழியாக, ரூ. 1,499. இரண்டின் பரிவர்த்தனை எண்களும் கீழே உள்ளன. இரண்டும் வெற்றி பெற்றவை என்று வங்கி உறுதி செய்துள்ளது. அறிக்கையின் அந்தப் பக்கத்தை இணைத்துள்ளேன். முதல் கட்டணம் உங்கள் பதிவில் நிலுவையில் இருந்தால், உங்கள் பேமென்ட் கேட்வேயில் இந்த எண்ணைக் கொண்டு சரிபார்க்கவும். கார்டு கட்டணத்தைச் சந்தாவுக்கு வைத்துக்கொண்டு, யுபிஐ கட்டணத்தை அதே கணக்குக்குத் திருப்பவும். திருப்பியதும் அதன் குறிப்பு எண்ணைத் தெரிவிக்கவும்."

எதைத் திருப்ப வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. சும்மா "ஒன்றைத் திருப்புங்கள்" என்றால், தானியங்கி அனுமதியோடு சேர்ந்த கார்டு கட்டணத்தைத் திருப்பிச் சந்தாவையே ரத்து செய்துவிட வாய்ப்பு உண்டு. அம்மாவுக்குக் கதை மறுபடியும் நின்றுபோகும். குறிப்பு எண் கேட்டதும் அப்படித்தான். "ரீஃபண்ட் செய்துவிட்டோம்" என்ற மெயிலை வைத்து வங்கியால் எதையும் தேட முடியாது. யுபிஐ என்றால் 12 இலக்க எண், கார்டு என்றால் 23 இலக்க எண், அது கையில் இருந்தால்தான் பணம் எங்கே நிற்கிறது என்று கேட்க முடியும்.

கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: 2020இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மிரட்டல் எதுவும் எழுதவில்லை.

மறுநாளே புகார் எண் வந்தது. அது வரைக்கும் சரி. ஏப்ரல் 2 அன்று வந்த மெயில்தான் என்னை நிஜமாகவே கொதிக்க வைத்தது. கூடுதல் கட்டணத்தை அடுத்த வருடச் சந்தாவாக மாற்றிவிட்டார்களாம். மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறார்களாம். நான் கேட்டேனா? அம்மாவுக்கு 79 வயது. இரண்டு வருடத்துக்கு முன்பணம் கட்டுவதா வேண்டாமா என்பது எங்கள் வீட்டில் முடிவு செய்ய வேண்டிய விஷயம். "நீட்டிப்பு வேண்டாம், கேட்டது பணம்" என்று இரண்டு வரியில் பதில் போட்டு, அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டேன். புதிதாக மெயில் ஆரம்பித்தால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

ஏப்ரல் 7 அன்று 12 இலக்க எண்ணோடு மெயில் வந்தது. 9ஆம் தேதி பணம் கணக்கில் ஏறியது. நியாயமாகச் சொன்னால், ஒரு ரூபாய் கூடக் குறையவில்லை, கடைசியாகப் பேசிய அதிகாரி மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் 26 நாள்! தெளிவாக எழுதத் தெரிந்த எனக்கே இவ்வளவு. முதல் பதிலை நம்பி மறந்துபோனவர்கள் எத்தனை பேரோ என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

அக்காவுக்கு என்ன சொன்னேன் என்றால், ஆப் அருமை, அம்மாவைப் போலக் கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை, ஆனால் வாங்காதீர்கள் என்றேன். வாங்கியே தீருவதென்றால் தானியங்கி அனுமதி கொடுக்காமல் கையால் கட்டுங்கள். "முடிந்துவிட்டது" என்று திரையில் வந்தால், மறுபடி கட்டுவதற்கு முன்னால் வங்கி எஸ்எம்எஸ்ஸைப் பாருங்கள். என் கார்டு அனுமதியை நான் வங்கித் தளத்திலேயே ரத்து செய்துவிட்டேன். அடுத்த மார்ச்சில் கட்டுவேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அம்மா கேட்டுக்கொண்டிருக்கும் தொடரில் இன்னும் 40 பகுதி பாக்கி இருக்கிறது.