மலாக்காவா, பினாங்கா?

சுங்கை சிப்புட்டில் ஆசிரியராக இருக்கும் மனைவியும் சிங்கப்பூரில் வேலை செய்யும் கணவரும் மூன்று நாள் சேர்ந்திருக்க இடம் தேடினால், வரைபடம் மலாக்காவையே காட்டும். ஆனால் மலாக்கா நகருக்குள் ரயில் நிலையம் இல்லை. மனைவி பூலாவ் செபாங்கில் இறங்கி மேலும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சாலையில் செல்ல வேண்டும். கணவருக்கு நேரடிப் பேருந்து உண்டென்றாலும், வெள்ளி மாலையில் ஜொகூர் பாலத்து நெரிசல் எத்தனை மணி நேரத்தை விழுங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பினாங்கு நடுவழியில் இல்லை. எனினும் அவர் விமானத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுவார், மனைவி மின்ரயிலில் பட்டர்வொர்த் சென்று, நிலையத்தை அடுத்துள்ள துறையில் படகேறுவார். கட்டணம் கூடுதல்தான், பள்ளி விடுமுறையில் இன்னும் ஏறும். ஆயினும், முதல் நாளையே சாலையில் தொலைக்காமல், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் இருவரும் ஒன்றாகப் பசியாற முடியும் என்பதால் என் தேர்வு பினாங்குதான்.