கிலோமீட்டருக்கு 24 ரூபாய் பேசினார்கள், வந்தது 18 ரூபாய் 50 காசு

பொள்ளாச்சியில் ஒற்றை வண்டி வைத்து ஓட்டுகிறேன். 14 அடி லாரி, 2019 மாடல், செகண்ட் ஹேண்டில் லோன் போட்டு வாங்கியது. 2024 ஜூன் முதல் அக்டோபர் வரை ஒரு கான்ட்ராக்டரிடம் வண்டியை விட்டு நஷ்டப்பட்டேன். அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் இதே கணக்கை இன்னும் பல பேரிடம் விரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன், அதனால் இந்தப் பதிவு.

சூலூர்ப் பக்கம் ஒரு பெரிய குடோன். அங்கிருந்து மதுரைக்குச் சரக்கு. டீசல், டிரைவர், டோல் எல்லாம் நம்முடையது, கிலோமீட்டருக்கு 24 ரூபாய், போக வர இரண்டுக்கும் உண்டு, மாதம் 15 ட்ரிப் கேரண்டி. இதுதான் பேச்சு. நான் அப்போதே மனக்கணக்குப் போட்டேன். டீசல் 93 ரூபாய், மைலேஜ் ஒன்பது, ஆக பத்து ரூபாய் சொச்சம். மீதி 13 ரூபாய்க்கு மேல் நிற்கிறது, மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடினால் டிரைவருக்கும் லோன் ட்யூவுக்கும் போக 30,000 கையில் நிற்கும் என்று நினைத்தேன். "ரொம்ப யோசிக்காதீங்க தம்பி, வண்டி நின்னாத்தான் நஷ்டம்" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன்.

முதல் மாத பில் வந்தது 52-வது நாள். அதற்குள் இரண்டாவது மாதமும் முக்கால்வாசி ஓடி முடிந்திருந்தது. பில்லில் ஒரு ட்ரிப்புக்கு 390 கிலோமீட்டர் போட்டிருந்தார்கள். என் டிரைவர் ஒவ்வொரு ட்ரிப்புக்கும் மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பும் வழக்கம் உள்ளவர். நல்லவேளை. அதை எடுத்துப் பார்த்தால் சராசரி 505.

இடையில் உள்ள 115 எங்கே போயிற்று? பொள்ளாச்சியிலிருந்து குடோனுக்குப் போக 45, திரும்பி வீட்டுக்கு வர 45. அதை அவர்கள் கணக்கில் எடுக்கவே இல்லை, "வண்டி கேட்டுக்குள்ள வந்ததுல இருந்துதான் கணக்கு" என்றார் அங்கிருந்த கிளார்க். குடோனிலிருந்து மதுரைக்கு 195 என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. ஆனால் மதுரையில் மூன்று இடத்தில் இறக்க வேண்டும், பகலில் நோ என்ட்ரி என்றால் ரிங் ரோடு சுற்ற வேண்டும், போகும்போது மட்டும் 215 ஓடும். திரும்பும்போது காலி வண்டியைப் பழனி, உடுமலை வழியாக நேரே வீட்டுக்கு விடலாம் என்றால் அதுவும் முடியாது. காலி கிரேட்டும் கையெழுத்துப் போட்ட ரசீதும் குடோனுக்கே போய்ச் சேர வேண்டும். அதற்கு 200.

ஒர்க் ஆர்டரை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில், "தூரம் கம்பெனி சிஸ்டத்தில் உள்ளபடி" என்று ஒரு வரி. கீழே என் கையெழுத்து. பேசும்போது ரேட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம், எந்தக் கிலோமீட்டர் என்று ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை.

390-ஐ 24-ஆல் பெருக்கினால் 9,360 ரூபாய். அதை உண்மையில் ஓடிய 505-ஆல் வகுத்தால் 18 ரூபாய் 53 காசு. இதுதான் எனக்குக் கிடைத்த ரேட்.

15 ட்ரிப் என்றது 11 ஆகிவிட்டது. வேண்டுமென்றே குறைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒன்பது லோடுக்குப் பதினாலு வண்டியைச் சேர்த்து வைத்திருந்தார், அவ்வளவுதான். முறை வரும்வரை கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். வண்டி நின்றதற்கு ஹால்டிங் காசு கேட்டால் 24 மணி நேரம் தாண்டினால்தான் என்பார்கள். இருபதாவது மணி நேரத்தில் லோடு வந்துவிடும்.

நஷ்டம் ஏன் உடனே தெரியவில்லை என்று என் மச்சான்கூடக் கேட்டார். காரணம் டீசல் ஸ்லிப். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் 5,500 ரூபாய்க்கு ஒரு ஸ்லிப் எழுதித் தருவார், அவர் சொல்லும் பெட்ரோல் பங்கில் டீசல் போட்டுக்கொள்ள வேண்டும். கையிலிருந்து காசு போகாததால் டீசல் செலவே இல்லாத மாதிரி ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. பில் வந்தபோதுதான் தெரிந்தது, ஸ்லிப் தொகைக்கு மேல் 2 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் வேறு. முதல் மாதம் 11 ட்ரிப்புக்கு 1,02,960 ரூபாய். டீசல் ஸ்லிப்புக்கு 61,710 கழிவு. டேமேஜ் என்று 2,400. வரிப் பிடித்தமான டிடிஎஸ் 1,030. கையில் வந்தது 37,820. அதில் டிரைவர், டோல், ஸ்லிப் போதாமல் நான் போட்ட டீசல் எல்லாம் போக 4,320 மிச்சம். வண்டி ட்யூ 21,500.

அந்த டிடிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர்கள் பான் நம்பரோடு ஒரு டிக்ளரேஷன் எழுதிக் கொடுத்தால், லாரி வாடகையில் டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை என்று 2024-ல் அமலில் இருந்த வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவிலேயே இருந்தது. எனக்கு அது தெரியாது, அவர் சொல்லவும் இல்லை. சரி, பிடித்தது அரசாங்கத்துக்குப் போனால் ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஆடிட்டர், பிடித்த வரி பதிவாகும் என் 26AS படிவத்தைத் திறந்து பார்த்தபோது அந்தத் தொகை அதில் வரவே இல்லை. பிடித்த காசு யாரிடம் இருக்கிறது என்று இன்றுவரை பதில் இல்லை.

அதற்கப்புறம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். முதலில் மைலேஜ். வண்டியை விற்றவர் பத்து என்றார், நான் ஒன்பது என்று நம்பிக்கொண்டிருந்தேன். டேங்கை வாய்வரை நிரப்பி, ஒரு ட்ரிப் முடித்து, அதே பங்கில் மறுபடி வாய்வரை நிரப்பினோம். 505 கிலோமீட்டருக்கு 61.5 லிட்டர் பிடித்தது. அதாவது 8.2. கிலோமீட்டருக்கு 11 ரூபாய் 30 காசு டீசலுக்கே போகிறது.

டிரைவர் விஷயத்தில்தான் நான் பெரிதாக ஏமாந்தேன். அவர் செலவு கிலோமீட்டரைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. சம்பளம் 17,000, வெளியில் இருக்கும் நாளுக்கு 400 பேட்டா, ட்ரிப்புக்கு இரண்டு நாள். 11 ட்ரிப்புக்கு 25,800 ஆயிற்று. கேட்டில் வண்டி நின்ற நாளுக்குச் சம்பளம் கிடையாது என்று அவரிடம் சொல்ல முடியுமா? சொன்னால் அடுத்த வாரம் வேறு வண்டியில் இருப்பார். மாதம் 5,555 கிலோமீட்டர் ஓடியதால் அது கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 65 காசு. 15 ட்ரிப் கிடைத்திருந்தால் 3 ரூபாய் 80 காசுக்கு இறங்கியிருக்கும்.

ரிப்பேருக்கு என்ன போடுவது என்று தெரியாமல், டேஷ்போர்டுக்குள் திணித்து வைத்திருந்த பில்களை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினேன். பாதி பில்லில் ஆயில் கறை, எழுத்து தெரியவில்லை. கிளட்ச் செட் ஒரு தடவை, முன் ஸ்பிரிங் பட்டை உடைந்தது இரண்டு தடவை, பிரேக் லைனர், வீல் பேரிங், செல்ஃப் மோட்டார், ஆயில் மாற்றியது, கிரீஸ் அடித்தது. 42,000 கிலோமீட்டருக்கு 67,000 ரூபாய், ஆக ஒரு ரூபாய் 60 காசு. டயர் தனி. ஆறு டயருக்கு 69,000, நமக்கு 48,000 கிலோமீட்டர் வரை வருகிறது. அதற்கு ஒரு ரூபாய் 45 காசு. டயர் செலவுதான் ஆளை ஏமாற்றும். பல மாதம் ஒரு பைசா கேட்காது, அப்புறம் ஒரே நாளில் மொத்தமாகக் கேட்கும். இந்த நாலு மாதத்தில் நான் தேய்த்த டயருக்கு யாரும் வாடகை தரவில்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

இன்சூரன்ஸ், எஃப்சி, டேக்ஸ் எல்லாம் சேர்த்து மாதம் 5,500, அது ஒரு ரூபாய். டோல் 95 காசு. மொத்தம் 20 ரூபாய் 95 காசு. ட்யூவையும் சேர்த்தால் 24 ரூபாய் 80 காசு. இதில் எனக்கென்று சம்பளம் எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

வந்ததோ 18.53. ட்யூவை விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இரண்டரை ரூபாய் போல என் பையிலிருந்து போட்டுத்தான் அவர் சரக்கை மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். வண்டி நின்றால்தான் நஷ்டம் என்றாரே, இந்த ரேட்டில், டிரைவர் சம்பளமும் இல்லாமல் வண்டி நின்றிருந்தால் நஷ்டம் குறைந்திருக்கும்.

ஒரு ட்ரிப்புக்கு எனக்கு அடங்கும் செலவு 12,500. அதை அவர்கள் கணக்கில் உள்ள 390-ஆல் வகுத்தால் 32 ரூபாய். அவர் சொன்னபடி 15 ட்ரிப் கொடுத்திருந்தாலும் 29 ரூபாய் 50 காசுக்குக் குறைந்து ஓட்ட முடியாது. 24 என்பது எந்த வழியிலும் வராத ரேட். அது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும், சொந்தமாக ஆறு வண்டி வைத்திருந்தவர். அந்த ஆறும் இந்த ரூட்டில் ஓடவில்லை என்பதை நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும்.

இப்போது யாராவது கிலோமீட்டர் ரேட் பேசினால், வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்து திரும்ப ஷெட் வரையா என்று முதலில் கேட்கிறேன். இல்லை என்றால் ட்ரிப்புக்கு இவ்வளவு என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். மினிமம் கேரண்டி என்றால் ட்ரிப் எண்ணிக்கையில் வேண்டாம், மாதம் இத்தனை ரூபாய் என்று எழுதித் தரச் சொல்கிறேன். பேசும் நாளின் டீசல் விலையையும், அது ஏறினால் வாடகை எவ்வளவு ஏறும் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். பாதிப் பேர் இதைக் கேட்டதும் போனை வைத்துவிடுகிறார்கள். வைக்கட்டும்.

இப்போது பொள்ளாச்சியிலேயே தேங்காய் லோடும் கயிறு லோடும் எடுக்கிறேன். பார்ப்பதற்கு வாடகை குறைவுதான். ஆனால் லோடு ஏற்றும் இடம் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். காலியாக ஓடும் அந்தத் தொண்ணூறு கிலோமீட்டர் இல்லாததால் ட்யூ கட்ட முடிகிறது.

கடைசி மாத பில்லில் 41,000 இன்னும் வர வேண்டியிருக்கிறது. இரண்டு ட்ரிப்புக்குக் கையெழுத்து ரசீது வந்து சேரவில்லை என்கிறார்கள். டிரைவர் குடோனில் கொடுக்கும்போது எடுத்த போட்டோவை அனுப்பினேன். நீல டிக் விழுந்து மூன்று வாரம் ஆகிறது.