தமிழ்வழியிலிருந்து ஆங்கிலவழி பி.காம்.: ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பா, யூடியூப் பாடமா, சொந்தப் பாடப்புத்தகமா?

பிளஸ் டூ வரை தமிழ்வழியில் கணக்குப்பதிவியல் படித்துவிட்டு, கடலூரிலோ புதுச்சேரியிலோ ஆங்கிலவழி பி.காம். சேரும் மாணவருக்குப் பாடம் புதிதல்ல. விற்பனை ஏடு என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அதை ஆங்கிலத்தில் வகுப்பில் சொல்வதும், செமஸ்டர் தேர்வில் மூன்று மணி நேரம் எழுதுவதும்தான் சிக்கல். வழி கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள் கிடைக்கும்: ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு, யூடியூப் இலக்கணப் பாடம், பாடப்புத்தகத்தை வைத்தே பயிற்சி. முதல் செமஸ்டருக்கு மூன்றாவதையே பரிந்துரைக்கிறோம். மற்ற இரண்டும் தேவைப்படும் இடம் வேறு.

வகுப்பை எடைபோட ஒரே கேள்வி போதும்: ஒரு மணி நேரத்தில் மாணவர் எத்தனை நிமிடம் பேசுகிறார்? இருபது பேர் கொண்ட பேட்ச், ஆசிரியர் பாதி நேரம் பேசுகிறார் என்றால் மீதி முப்பது நிமிடம். ஆளுக்கு ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடமும் மனப்பாடம் செய்த செல்ஃப் இன்ட்ரொடக்ஷனிலேயே கழிந்துவிடுவதுண்டு. டெமோ வகுப்பில் உட்காரும்போது கடிகாரத்தைப் பாருங்கள். பேட்சில் எட்டு பேருக்கு மேல் இல்லை, தப்பைச் சுட்டிக்காட்டியதோடு நிற்காமல் அதே வாக்கியத்தை மறுபடி சொல்ல வைக்கிறார்கள் என்றால் பணம் கட்டலாம். நாலு பேர் முன்னால் வாய் திறக்கும் கூச்சம் போக வகுப்பு நிச்சயம் உதவும். ஆனால் அங்கே எழுத்துப் பயிற்சி பெரும்பாலும் இருக்காது, அக்கவுண்டன்ஸி வாக்கியம் காதில் விழவே விழாது.

யூடியூப் பாடத்தின் பலம், தமிழில் காரணம் சொல்லிப் புரியவைப்பது. பலவீனமும் அதற்குள்ளேயே இருக்கிறது. தமிழ் வாக்கியத்துக்கு நேராக ஓர் ஆங்கில வாக்கியத்தை வைத்தே பெரும்பாலும் சொல்லித் தருகிறார்கள். 'படிக்கிறேன்' என்ற ஒரே வினை 'ஐ ரீட்', 'ஐ ஆம் ரீடிங்' இரண்டுக்கும் பொருந்துவதால், எது எங்கே என்ற குழப்பம் அப்படியே தங்கிவிடுகிறது. 'ஐ'யும் 'ஆம்'மும் ஒட்டிப்பிறந்த ஒரே சொல்போல மனதில் பதிந்து, 'ஐ ஆம் அக்ரீ' என்று வாயில் வருவதும் இப்படித்தான். டென்ஸ் அட்டவணையை வரிசையாகப் பார்த்து முடிப்பதில் பயனில்லை. நோட்டில் ஒரே பிழை மூன்று முறை வந்த பிறகு, அந்தப் பிழைக்கான பாடத்தை மட்டும் தேடிப் பாருங்கள். அப்போதுதான் அது மனதில் நிற்கும்.

இனி மூன்றாவது வழி. தினம் நாற்பது நிமிடம், ஐந்தாறு வரி கொண்ட ஒரே ஒரு பத்தி. அன்று வகுப்பில் நடந்த பாடமாகவே இருக்கட்டும். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் கவனம் முழுக்க மொழியின் மேல் நிற்கும்.

முதல் பத்து நிமிடம் பத்தியை வாய்விட்டு நான்கைந்து முறை படிக்க வேண்டும். உச்சரிப்பில் சந்தேகம் வரும் சொற்களை ஆக்ஸ்ஃபோர்டு அல்லது கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டுக் கேட்கலாம். 'ரெகார்ட்' என்ற சொல் பெயராக வரும்போது அழுத்தம் முதல் அசையில் விழும், வினையாக வரும்போது இரண்டாவது அசைக்குப் போகும். 'ஈடி' என்று முடியும் வினைகளில், அதற்கு முன் ஆங்கில 't' அல்லது 'd' ஒலி இருந்தால்தான் கூடுதலாக ஓர் அசை வரும்: 'ரெகார்டட்', 'டெபிட்டட்'. 'ப்ரிபேர்ட்' என்பதில் வராது. அதை 'ப்ரிபேரட்' என்று இழுத்தால் கேட்பவருக்கு உறுத்தும்.

அடுத்து எழுத்து. புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நிற்கும் பொருளை வைத்து அதே பத்தியை எழுத வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். மூலத்தில் உள்ள வரி இது என்று வைத்துக்கொள்வோம்:

குட்ஸ் சோல்ட் ஆன் க்ரெடிட் ஆர் ரெகார்டட் இன் த சேல்ஸ் புக்.

மாணவர் எழுதியது:

குட்ஸ் சோல்ட் ஆன் க்ரெடிட் இஸ் ரெகார்ட் இன் சேல்ஸ் புக்.

மூன்று இடத்தில் சறுக்கல். தமிழில் 'சரக்கு பதியப்படுகிறது' என்று ஒருமையிலேயே சொல்லிவிடுகிறோம், அதனால் 'ஆர்' வர வேண்டிய இடத்தில் 'இஸ்' வந்தது. 'பதியப்படுகிறது' நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அது இரண்டாகப் பிரிகிறது, இரண்டுக்கும் சரியான வடிவம் வேண்டும். முதல் துண்டு வந்துவிட்டதே என்று இரண்டாவதை வெறும் 'ரெகார்ட்' என்று விட்டுவிட்டார். 'த' விடுபட்டதற்குக் காரணம், தமிழில் அதற்கு இணையான சொல்லே இல்லை என்பதுதான்.

இந்த மூன்றில் நடுவில் உள்ளதை முதலில் பிடியுங்கள். கணக்குப்பதிவியல் முழுக்க இந்த அமைப்பில்தான் ஓடுகிறது: 'இஸ் டெபிட்டட்', 'ஆர் ஷோன்', 'இஸ் டிடக்டட்', 'இஸ் ப்ரிபேர்ட்'. ஒன்று கைவந்தால் விடைத்தாளில் பாதி வாக்கியம் நேராகிவிடும். 'த' பழக மாதக்கணக்கில் ஆகும். அது இல்லாவிட்டாலும் பொருள் பெரும்பாலும் புரிந்துவிடும், இப்போதைக்கு விட்டுவிடலாம். நோட்டிலும் 'ரெகார்ட் - பதிவு செய்' என்று தனிச் சொல்லாக எழுதாமல், 'ஆர் ரெகார்டட் இன் த சேல்ஸ் புக் - விற்பனை ஏட்டில் பதியப்படுகின்றன' என்று தொடராகவே எழுதுங்கள்.

பத்தியை அப்படியே மனப்பாடம் செய்வதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தேர்வில் தெரியும். மனப்பாடத்தில் ஒரு வரி மறந்தால் அடுத்த வரியும் வராது. இங்கே, கடனுக்கு விற்ற பழைய நாற்காலி எதில் பதியப்படும் என்று கேட்டால், 'ஓல்ட் சேர்ஸ் சோல்ட் ஆன் க்ரெடிட் ஆர் ரெகார்டட் இன் த ஜர்னல்' என்று அதே அமைப்பில் புது வாக்கியம் கட்ட முடியும்.

கடைசியாகப் பேச்சு. புத்தகம் பார்க்காமல் அதே பொருளை ஒரு நிமிடம் சொல்லி போனில் பதிவு செய்ய வேண்டும். கேட்டுப் பார்க்கும்போது பிழைகளைத் தேடாமல், எங்கே நின்றுபோனது என்று மட்டும் குறித்துவிட்டு மறுபடி பேச வேண்டும். வகுப்புத் தோழர் கிடைத்தால் இன்னும் நல்லது: ஒருவர் நான்கு நிமிடம் சொல்லிவிட்டு, அவரே அதை மூன்று நிமிடத்திலும் பிறகு இரண்டு நிமிடத்திலும் சொல்ல வேண்டும். நேரம் குறையக் குறைய இடையில் வரும் தயக்கமும் குறையும். பாரதி பூங்காவிலோ தேவனாம்பட்டினம் கடற்கரையிலோ அரைமணி நேரம் உட்கார்ந்தால் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் பேசலாம். இருபது பேர் வகுப்பில் பத்து நாளில் கிடைப்பது அவ்வளவுதான்.

காது பழகுவதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் போய்வருபவர், ரெட்டிச்சாவடியில் தொடங்கினால் தவளக்குப்பம் வருவதற்குள் பிபிசியின் '6 Minute English' ஒன்றைக் கேட்டு முடித்துவிடலாம். எழுத்து வடிவமும் இணையத்தில் கிடைக்கிறது. ஒரு பகுதியையே மூன்று நாள் கேளுங்கள். முதல் நாள் எழுத்து வடிவத்தைப் பார்க்காமல், மறுநாள் பார்த்துக்கொண்டு, மூன்றாம் நாள் மறுபடி பார்க்காமல்.

இந்த வழியின் பெரிய குறை, திருத்த ஆள் இல்லாதது. புத்தகத்தோடு ஒப்பிடும்போது எழுதியதில் உள்ள பிழை தெரிந்துவிடும். சொந்தமாகக் கட்டிய வாக்கியத்திலும் உச்சரிப்பிலும் உள்ள பிழை தனக்கே தெரியாமல் பழகிவிடும். வாரம் ஒருமுறை ஒரு பக்கத்தை ஆங்கிலத் துறை ஆசிரியரிடமோ மூன்றாம் ஆண்டு சீனியர் அக்கா, அண்ணனிடமோ காட்டுங்கள். "எல்லாத்தையும் திருத்திக் கொடுங்க" என்றால் அவர்களுக்கு நேரம் இருக்காது. "இதுல வினைச்சொல் மட்டும் சரியா இருக்கான்னு பாருங்க" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் பார்த்துத் தருவார்கள்.

ஆங்கிலப் பத்தியை எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிகிறது என்ற நிலையில் இருப்பவருக்கு மட்டும் வரிசை மாறும். அவருக்கு முதல் இரண்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைக்கும் ஓர் ஆள் வேண்டும். டியூஷனோ சிறிய பேட்ச் வகுப்போ அங்கே அவசியம். மற்றவர்கள் வகுப்புக்கான பணத்தை இரண்டாம் செமஸ்டருக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குள் ஒரு பாடத்தையாவது ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்திருக்கும், அங்கே கிடைக்கும் கொஞ்ச நேரமும் வீணாகாது.