கார் இன்சூரன்ஸ் ரினியூவல்ல 4,450 போச்சு, பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த வரி லைனைப் பாருங்க மக்களே

கடுப்புல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்கிறதுல 4,450 ஏமாந்துட்டு உக்காந்திருக்கேன். பத்து பன்னெண்டு கம்பெனி ரேட்டை ஒரே பக்கத்துல போட்டுக் காட்டி, அப்புறம் ஆள் வச்சு போன் பண்ணி விக்கிற சைட் இருக்கும்ல, அந்த மாதிரி ஒண்ணு. பேர் போடல, போட்டா அடுத்த நிமிஷம் பதிவைத் தூக்கிடுவாங்க.

எனக்கு கணக்கு தெரியாம இல்ல. அதான் ரொம்ப எரிச்சலா இருக்கு. கொட்டேஷன்ல எல்லா நம்பரும் கண்ணு முன்னாடிதான் இருந்தது, ஒண்ணையும் மறைக்கல, வரிசையை மட்டும் மாத்தி வச்சிருந்தாங்க, நான் கடைசி லைனை மட்டும் பாத்துட்டு ஓகே சொன்னேன்.

பாலிசி முடிய ரெண்டு நாள் இருக்கும்போது போன் வந்தது. பேசின பையன் அவ்வளவு பதவிசா பேசினான், சார் அவசரமே இல்ல, நான் ஸ்கிரீன் ஷேர் பண்றேன், நீங்களே ஒவ்வொரு லைனா பாருங்க, புரியலன்னா கேளுங்கன்னான். இவ்வளவு வெளிப்படையா காட்டுறவன் ஏமாத்த மாட்டான்னு நினைச்சேன் பாருங்க, அங்கதான் விழுந்தேன். அவன் காட்டினது இதுதான், ஓன் டேமேஜ் பிரீமியம் 20,000, தேர்ட் பார்ட்டி 5,000, லோடிங் 2,500, மொத்தம் 27,500. அதுக்கு வரி 10 சதவீதம் 2,750. ஆக 30,250. இங்க வந்து ஒரு நிமிஷம் நிறுத்தினான். எனக்கு பகீர்னு இருந்தது. உடனே, "பதறாதீங்க சார், உங்களுக்கு நோ க்ளெய்ம் தள்ளுபடி இருக்குல்ல, இப்ப பாருங்க"ன்னு ஸ்க்ரோல் பண்ணான், பச்சை கலர்ல பெருசா 'நீங்கள் சேமித்தது 6,000'. கடைசியா 24,250. முப்பதாயிரத்தைப் பாத்து மிரண்டவனுக்கு 24 ஆயிரம் தெய்வமா தெரிஞ்சது. "நானே உங்க இடத்துல இருந்தாலும் இதத்தான் சார் எடுப்பேன்"னான். லோடிங் என்ன தம்பி 2,500ன்னு ஒரு வார்த்தை கேக்கத்தான் செஞ்சேன், "வண்டிக்கு வயசாச்சுல்ல சார்"னான். சரின்னு கட்டிட்டேன். கட்டும்போது தேங்க்ஸ் வேற சொன்னேன், அதை நினைச்சாதான் இன்னும் எரியுது.

மறுநாள் ராத்திரி மச்சான் வந்திருந்தார், அக்கவுண்ட்ஸ்ல வேலை பாக்குறவர். சும்மா காட்டினேன். அவர் மேல இருந்து படிக்கல, நேரா வரி லைனுக்குப் போனார். "வரி 2,750ன்னா எதுக்கு மேல போட்டிருக்கான்? 27,500க்கு மேல. ஆனா நீங்க வாங்கின பிரீமியம் 27,500 இல்லையே மாமா, தள்ளுபடி போக 21,500தானே"ன்னார். ரெண்டு செகண்ட் எனக்குப் புரியவே இல்ல.

விஷயம் இதுதான். நோ க்ளெய்ம் தள்ளுபடிங்கிறது கடைசியில பாவம் பாத்து குறைக்கிற காசு இல்ல. போன வருஷம் க்ளெய்ம் பண்ணாததால உங்க பிரீமியமே கம்மி, அவ்வளவுதான். முதல்ல அதைக் கழிக்கணும், அப்புறம் மத்ததைக் கூட்டணும், எல்லாம் முடிஞ்சு நிக்கிற தொகைக்குத்தான் வரி. இவங்க வரியை முதல்ல போட்டுட்டு தள்ளுபடியை அப்புறம் கழிச்சிருக்காங்க. அப்ப நான் கட்டாத 6,000க்கும் சேர்த்து வரி கட்டியிருக்கேன், அது ஒரு 600. இதைக் கண்டுபிடிக்க பெரிய படிப்பு வேணாம், வரித் தொகையை வரி சதவீதத்தால வகுத்து 100ஆல பெருக்குங்க, வர்ற நம்பர் கொட்டேஷன்ல எந்த லைன்ல இருக்குன்னு தேடுங்க. தள்ளுபடிக்கு மேல இருக்குற லைன்ல இருந்தா ஆட்டம் நடந்திருக்கு.

இதுக்கு ஆதாரமும் கையிலேயே கிடைச்சது. இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பின பாலிசி ஷெட்யூலைத் திறந்தோம், அதுல கணக்கு ஒழுங்கா இருக்கு, 20,000ல 6,000 கழிச்சு 14,000, தேர்ட் பார்ட்டி 5,000, கூடுதல் 2,500, ஆக 21,500, வரி 2,150, மொத்தம் 23,650. நான் கட்டினது 24,250. கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது 23,650. அந்த 600 வரியாக்கூட போகல, நடுவுலயே நின்னுடுச்சு.

இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சா மச்சான் விடல, லோடிங் 2,500 என்னன்னு அதே ஷெட்யூல்ல தேடினார். லோடிங்னா ரிஸ்க் அதிகம்னு கம்பெனி கூட்டுற காசு, பழைய வண்டி, புதுசா லைசென்ஸ் வாங்கின டிரைவர், போன வருஷம் நிறைய க்ளெய்ம், இப்படி ஏதாவது காரணம் இருக்கும், அது நம்ம கையில இல்ல. ஆட்-ஆன் வேற, அது நாம விரும்பி எடுக்குற கூடுதல் கவர், வேணாம்னா தூக்கிடலாம். ஷெட்யூல்ல என் வண்டிக்கு லோடிங்கே கிடையாது! இருந்தது மூணு ஆட்-ஆன். கண்ணாடிக்கு 1,000, அது நான் கேட்டது. ரோட்ல நின்னா இழுத்துட்டுப் போறதுக்கு 600, சாவி தொலைஞ்சா 900, இது ரெண்டும் நான் கேக்கவே இல்ல, அவன் சொல்லவும் இல்ல. மூணையும் ஒரே லைன்ல சுருட்டி லோடிங்னு பேர் வச்சிட்டான். ஆட்-ஆன்னு போட்டிருந்தா எது எதுன்னு கேட்டிருப்பேன், லோடிங்னு போட்டா கட்டாயம்னு நினைச்சு வாயை மூடிப்போம்னு தெரிஞ்சே வச்ச பேர் அது. 1,500, அதுக்கு வரி 150, ஆக 1,650.

மூணாவதுதான் பெரிய அடி, அதுல என் தப்பும் இருக்கு, ஒத்துக்கிறேன். 20,000ல 6,000னா 30 சதவீதம். எனக்கு 30ன்னு ஞாபகம், பழைய பாலிசிலயும் 30ன்னுதான் இருக்கு, அதனால சந்தேகமே வரல. ஆனா அந்த 30 போன வருஷத்துக்குக் குடுத்தது. அந்த வருஷமும் க்ளெய்ம் இல்லாம ஓட்டியாச்சுன்னா ஒரு படி ஏறணும்ல? பழைய கம்பெனி அனுப்பின ரினியூவல் நோட்டீஸைத் தேடி எடுத்தா அதுல தெளிவா வர்ற வருஷத்துக்கு 40 சதவீதம்னு இருக்கு. இவன் பழைய பாலிசியைப் பாத்து அதே நம்பரை அப்படியே டைப் பண்ணிட்டான், சோம்பேறித்தனமா வேணும்னேவான்னு தெரியாது. 8,000 கழிய வேண்டிய இடத்துல 6,000. போனது 2,000, அதுக்கு வரி 200.

ஒழுங்கா போட்டிருந்தா 20,000ல 8,000 போக 12,000, தேர்ட் பார்ட்டி 5,000 (இதுக்கு தள்ளுபடி கிடையாது, என் பாலிசில ஓன் டேமேஜுக்கு மட்டும்தான்), கண்ணாடி 1,000, ஆக 18,000, வரி 1,800, முடிஞ்சது 19,800. நான் கட்டினது 24,250. 4,450. நாலாயிரத்து நானூத்து அம்பது!

அப்புறம் ஆரம்பிச்சது அலைக்கழிப்பு. அந்தப் பையன் நம்பருக்கு அடிச்சா எடுக்கவே இல்ல, ரெண்டு நாள் முன்னாடி மணிக்கு மூணு தடவை கூப்பிட்டவன். கஸ்டமர் கேர்ல ஒரு பொண்ணு, "சிஸ்டம் ஆட்டோமேட்டிக்கா கணக்கு போடும் சார், தப்பா வராது"ன்னுச்சு. அம்மா நான் ரெண்டு பேப்பரையும் கையில வச்சிருக்கேன், ஒண்ணுல 24,250, இன்னொண்ணுல 23,650ன்னேன். "அது ரவுண்ட் ஆஃப் சார்." 600க்கு ரவுண்ட் ஆஃபா? டிக்கெட் நம்பர் குடுத்து வச்சிட்டாங்க. அடுத்த நாள் வேற ஒருத்தர், இப்ப அந்த 600 சர்வீஸ் சார்ஜ் ஆயிடுச்சு. எந்த பேப்பர்ல சர்வீஸ் சார்ஜ்னு இருக்குன்னு கேட்டேன், லைன்ல இருங்கன்னு பாட்டு போட்டார், பாட்டு முடிஞ்சதும் கால் கட். ஆட்-ஆன் ரெண்டையும் எடுங்கன்னா "நீங்க ஓடிபி குடுத்து சம்மதிச்சிருக்கீங்க சார்". தள்ளுபடி பத்தி கேட்டா இன்சூரன்ஸ் கம்பெனியைக் கேளுங்க. கம்பெனியைக் கேட்டா நீங்க யார் மூலமா எடுத்தீங்களோ அவங்க மூலமா வாங்க.

கம்பெனில ஒருத்தங்க மட்டும் மனுஷங்க மாதிரி பேசினாங்க, நியாயமா சொல்லணும்ல. பழைய கம்பெனி நோட்டீஸை மெயில்ல அனுப்புங்க, 40 சதவீதம் சரின்னா எண்டார்ஸ்மென்ட் போட்டு திருத்தி 2,200 திருப்பித் தருவோம்னாங்க. அனுப்பிட்டேன். இன்னும் வரல. மிச்சம் 2,250க்கு அவங்களும் கையை விரிச்சிட்டாங்க.

என்ன பாக்கணும்னு விலாவாரியா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப தலை வலிக்குது, நாலு விஷயம் சொல்லிட்டுப் போறேன். போன்ல பேசும்போது பணம் கட்டாதீங்க, கொட்டேஷனை மெயில்ல வாங்கி ஒரு நாள் கழிச்சுப் பாருங்க. இன்னிக்கு விட்டா தள்ளுபடி போயிடும்னு மிரட்டுவாங்க, பெரும்பாலும் முடிஞ்ச அன்னிக்கே போகாது, உங்க கம்பெனில எத்தனை நாள்னு கேட்டுக்கோங்க, ஆனா அந்த இடைவெளில இன்சூரன்ஸ் இல்லாம வண்டியை எடுக்காதீங்க. தள்ளுபடி சதவீதத்தை பழைய பாலிசில பாக்காதீங்க, ரினியூவல் நோட்டீஸ்ல பாருங்க. ஒருத்தன் உங்களுக்கு உள்ளதை விட ஜாஸ்தி போட்டாலும் வாயைப் பொளந்துட்டு வாங்காதீங்க, பின்னாடி க்ளெய்ம் வரும்போது பழைய கம்பெனில விசாரிப்பாங்க, பொய்னு தெரிஞ்சா க்ளெய்மே கையை விட்டுப் போகலாம். லோடிங், இதரன்னு ஒரே லைன்ல மொத்தமா இருந்தா பிரிச்சுக் கேளுங்க. வரியை வகுத்துப் பாருங்க.

இதை டைப் பண்ணிட்டு இருக்கும்போதே மெசேஜ் வருது, உங்கள் டிக்கெட் வெற்றிகரமாக முடித்து வைக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீங்கன்னு.