“கொட்டன் சில்க் தானே, வீட்டிலேயே துவைக்கலாம் அக்கா”: இந்தப் பதிலை நம்பித் துவைக்காதீர்கள்

திருகோணமலை டவுனில் ஒரு சாறிக் கடை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிய பதில் இது: “ஓம் அக்கா, கொட்டன் சில்க் தானே, வீட்டிலேயே துவைக்கலாம். முதல் தரம் ஒரு கைப்பிடி உப்புப் போட்டு அரை மணித்தியாலம் ஊற வையுங்கோ. பிறகு கொஞ்சம் சவர்க்காரத் தூளில் அலசினால் போதும். சாயம் போகாது.”

இதே பதிலை இன்னும் எத்தனை பேருக்கு அனுப்புகிறார்களோ தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

சாறி 14,500 ரூபா. கடுகு மஞ்சள் உடல், அரக்குக் கரை, அரக்கு முந்தானை, கரையில் மெல்லிய ஜரிகை. சொன்னபடியே உப்பு, சொன்னபடியே அரை மணித்தியாலம், பைப் தண்ணீர். வாளியில் இருந்து எடுத்தபோதே தண்ணீர் பீட்ரூட் அவித்த நிறத்தில் இருந்தது. முந்தானை எந்த மடிப்போடு ஒட்டிக் கிடந்ததோ அந்த இடமெல்லாம் மஞ்சளில் திட்டுத் திட்டாக இளஞ்சிவப்பு. அதைக்கூட ஒரு மாதிரிச் சமாளித்திருப்பேன். காய்ந்த பிறகு பார்த்தால் இரண்டு கரையும் நெடுக அலை அலையாகச் சுருங்கி நிற்கிறது. அயன் பண்ணினால் அந்த நேரத்துக்குப் படிகிறது, கையை எடுத்ததும் பழையபடி எழும்புகிறது.

கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். “ஃபோல்ஸ் சுருங்கியிருக்கும் அக்கா, தைத்தவரிடம் கேளுங்கோ” என்றார்கள். நனைத்துக் காய வைக்காமல் தைத்த ஃபோல்ஸ் சுருங்கிக் கரையை இழுப்பது உண்மையில் நடக்கிற விஷயம்தான். ஆனால் ஃபோல்ஸ் தைப்பது கீழ்க்கரையில், அதுவும் கொசுவமும் சுற்றும் வருகிற பகுதிக்கு மட்டும். என் சாறியில் மேல்கரையும் முனைக்கு முனை அலையாக நிற்கிறது. அங்கே ஃபோல்ஸே இல்லை. இதைச் சொன்னதும் பேச்சு மாறிவிட்டது. பற்றுச்சீட்டைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார்கள். பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் ‘ட்ரை கிளீன் மட்டும்’ என்று அச்சடித்திருக்கிறது. அப்படியானால் வாட்ஸப்பில் சொன்னது யார்? “அது ஃபோன் பார்க்கிற பிள்ளை பொதுவாகச் சொன்னது.”

சரி, சாறியில் என்னதான் நூல் இருக்கிறது என்று நானே பார்த்தேன். இடுப்பில் செருகுகிற உள்முனையில் இருந்து நூல்களை ஒவ்வொன்றாக உருவி, ஒரு பீங்கான் தட்டுக்கு மேலே சாமணத்தால் பிடித்துக் கொளுத்தினேன். உடலில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் கடதாசி போல எரிந்து சாம்பலாகியது. அது பருத்தி. குறுக்கே ஓடும் ஊடை நூல் மெதுவாகப் பொசுங்கி, முடி கருகிய மணம் வந்தது. எரிந்த முனையை விரலால் நசுக்கினால் பொடியாகிறது. அது பட்டு. இதுவரை கடை சொன்னது சரிதான். கரையின் பாவு நூல் மட்டும் உருகிச் சுருண்டு, கடுகு போலக் கெட்டியாக உறைந்தது. நகத்தால் அழுத்தினாலும் உடையவில்லை. அது பொலியெஸ்டர்.

கரை ஏன் அலையாகியது என்பது இங்கேதான் இருக்கிறது. பருத்திப் பாவைத் தறியில் இழுத்துக் கட்டித்தான் நெய்கிறார்கள். முதல் தரம் நன்றாக நனையும்போது அந்த இழுவை தளர்ந்து நூல் குறுகும். பொலியெஸ்டர் குறுகாது. உடல் நீளத்தில் குறுகி, கரை பழைய நீளத்திலேயே நின்றால், மிஞ்சிய கரை எங்கே போகும்? அலையாகத்தான் எழும்பும். இதற்கு என்ன சவர்க்காரம் போட்டோம் என்பது கணக்கே இல்லை, தண்ணீரில் ஊறினாலே போதும். ட்ரை கிளீனில் தண்ணீருக்குப் பதில் வேறு கரைப்பான் பாவிப்பதால் பருத்தி இப்படிக் குறுகுவதில்லை. ஆக, உடல் பருத்தி, கரை பொலியெஸ்டர் என்று நெய்த சாறிக்கு “வீட்டில் ஊற வையுங்கோ” என்பது எந்த நிபந்தனையிலும் தப்பான பதில்.

உப்பு விஷயமும் அப்படித்தான். பருத்திக்குச் சாயம் ஏற்றும்போது, சாயம் நூலில் ஏற உப்புச் சேர்ப்பார்கள். அது சாயத் தொட்டியில் செய்கிற வேலை. நெய்து விற்ற சாறியில் ஒட்டாமல் நிற்கிற மிச்சச் சாயத்தை வாளியில் போடும் ஒரு கைப்பிடி உப்பு கட்டிப் போடாது. மாறாக, செம்புக் கம்பியில் பூச்சுப் பூசிய மலிவு ஜரிகை என்றால் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் கறுக்கும். சவர்க்காரத் தூள் காரம் கூடியது. பருத்தி அதைத் தாங்கும். பட்டு புரத நூல், தாங்காது. மினுக்கம் போய்ச் சொரசொரப்பாகும், பட்டில் ஏற்றிய சாயமும் இளகும். பெயரில் முன்னால் ‘கொட்டன்’ வருவதால் பருத்தி போலவே துவைக்கலாம் என்று பதில் சொல்பவர்கள் நினைக்கிறார்கள் போல. கலப்பு நூலில் எது மென்மையோ அதற்கு ஏற்றபடிதான் துவைக்க வேண்டும்.

இன்னொன்று. எங்கள் ஊரில் கடலை ஒட்டிய பக்கங்களில் பல கிணறுகள் உவர். உப்புவெளிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிணற்றுத் தண்ணீரா, பைப் தண்ணீரா என்று ஒரு வார்த்தை கேட்காமல் மேலும் உப்புப் போடச் சொல்கிற கடையை என்ன சொல்வது!

இனி வாங்குகிறவர்கள் “துவைக்கலாமா” என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். ஓம் என்றுதான் வரும். உடலில் பாவு என்ன, ஊடை என்ன, கரை என்ன நூல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் அதுவே ஒரு பதில், அந்தச் சாறி ட்ரை கிளீனுக்குத்தான். கரையும் உடலும் ஒரே நூல், ஜரிகை இல்லை என்றால் வீட்டில் துவைக்கலாம். அப்போதும் முதலில் முந்தானையின் உள்பக்கத்தில் நனைத்த வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் இறங்கினால் தண்ணீரில் போடவே வேண்டாம். இறங்காவிட்டால் பச்சைத் தண்ணீர், சில துளி ஷாம்பூ, ஊற வைக்காமல் ஓரிரு நிமிடத்தில் அலசி எடுப்பது, முறுக்கிப் பிழியாமல் துவாயில் சுருட்டி ஈரம் எடுப்பது, நிழலில் காய வைப்பது. அவ்வளவுதான்.

கடை கடைசியாகச் சொன்னது, அடுத்த முறை வாங்கும்போது விலை குறைத்துத் தருவார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாட்ஸப் பதிலையும் பற்றுச்சீட்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வைத்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து விவரம் சொல்லியிருக்கிறேன். இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் கடையின் பதிலை அழித்துவிடாதீர்கள். பொருளை வாங்கி 3 மாதத்துக்குள் முறைப்பாட்டைக் கொடுக்க வேண்டும், நாள் பார்த்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.