சக மாணவர் போடும் மதிப்பெண்: சராசரியா, இடைநிலையா?

ஒரு மாணவியின் கட்டுரையை ஐந்து சக மாணவர்கள் 20-க்குத் திருத்துகிறார்கள். வந்த மதிப்பெண்கள் 14, 15, 16, 17, 3 என்று வைத்துக்கொள்வோம். சராசரி எடுத்தால் அவளுக்கு 13. நியாயமாகத் திருத்திய நால்வரில் மிகக் கறாரான ஆள் கொடுத்தது கூட 14. ஐந்தையும் ஏறுவரிசையில் நிறுத்தி நடுவில் இருப்பதை, அதாவது இடைநிலையை எடுத்தால் 15. கோர்ஸேரா என்ற இணையப் படிப்புத் தளத்தின் சக மதிப்பீடு இடைநிலையை நம்பியே வளர்ந்தது. பள்ளி, கல்லூரிகள் இணைய வகுப்புக்குப் பயன்படுத்தும் மூடில் மென்பொருளின் ஒர்க்‌ஷாப் பகுதியோ எடையிட்ட சராசரியைத்தான் போடுகிறது.

என் ஓட்டு இடைநிலைக்கு. ஆனால் அது அந்த 3-ஐத் தூக்கி எறிந்துவிடுவதாகப் பலர் நினைப்பது சரியில்லை. அந்த ஆளே இல்லையென்றால் மற்ற நால்வரின் இடைநிலை 15.5. அவர் வந்ததால் அரை மதிப்பெண் போயிருக்கிறது. அவர் 3-க்குப் பதில் 0 போட்டிருந்தாலும் சரி, 13 போட்டிருந்தாலும் சரி, முடிவு அதே 15. எந்தப் பக்கம் இழுக்கிறார் என்பதை மட்டும் இடைநிலை பார்க்கிறது; எவ்வளவு பலமாக இழுக்கிறார் என்பதைப் பார்ப்பதில்லை. சராசரியில் அப்படி இல்லை. அங்கே 13 போட்டால் முடிவு 15, 3 போட்டால் 13. வன்மத்தை எவ்வளவு கூட்டுகிறாரோ அவ்வளவு பலன். புள்ளியியல் அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1907-லேயே ‘நேச்சர்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொன்னார்: ஒரு குழு தொகை ஒன்றை முடிவு செய்யும்போது சராசரி எடுத்தால், விபரீதமாகச் சொல்பவருக்கே அதிகச் செல்வாக்கு போய்ச் சேரும்.

சரி, இருவர் பேசி வைத்துக்கொண்டு ஆளுக்கு 3 போட்டால்? 3, 3, 14, 15, 16. இடைநிலை 14-இல் நிற்கிறது; சராசரி 10.2-க்கு விழுகிறது. மேலேயும் கீழேயும் ஒன்றை வெட்டிவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுக்கும் நடுவழியும் ஒன்று உண்டு. அதிலும் இங்கே சுமார் 10.7-தான் வரும், ஏனென்றால் அந்த வெட்டு ஒரு கெட்ட மதிப்பெண்ணை மட்டுமே தாங்கும். ஐந்தில் மூவர் சேர்ந்துவிட்டால் இடைநிலையும் 3 ஆகிவிடும். மூன்றே பேர் திருத்தும் வகுப்பில் அதற்கு இருவர் போதும். அதனால் ஐந்துக்குக் குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு இடைநிலை காப்பாற்றும் என்று இருந்துவிடக் கூடாது. யார் தாளை யார் திருத்துவது என்பதையும் குலுக்கல் முறையில்தான் பிரிக்க வேண்டும்.

இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. எல்லோரும் நேர்மையாகத் திருத்தி, மதிப்பெண்கள் இயல்பாகக் கொஞ்சம் சிதறியிருந்தால் சராசரிதான் துல்லியம். அந்த நிலையில் ஐந்து பேரின் இடைநிலை, ஏறத்தாழ மூன்றரைப் பேரின் சராசரி அளவுக்கே நம்பகமானது. ஒன்றரை ஆளின் உழைப்பைக் காப்பீடாகக் கட்டுகிறோம். திருத்துபவர்கள் மேல் முழு நம்பிக்கை உள்ள சிறிய குழுவில் நான் சராசரியையே எடுப்பேன்.

அடுத்தது பலர் கவனிக்காத ஒரு பொறி. திருத்தும் அளவுகோலில் மூன்று கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். மூவர் திருத்துகிறார்கள். முதல் ஆள் 5, 5, 1 போடுகிறார். இரண்டாமவர் 5, 1, 5. மூன்றாமவர் 1, 5, 5. மூவரின் மொத்தமும் 11-தான். ஆனால் கூறு கூறாக இடைநிலை எடுத்துக் கூட்டினால் 15-க்கு 15 வருகிறது! முழு மதிப்பெண் தர மூவரில் ஒருவருக்குக் கூட மனம் இல்லை. சராசரியில் இந்தச் சிக்கலே கிடையாது. எப்படிக் கூட்டினாலும் 11. ஆகவே ஒவ்வொருவர் போட்ட மொத்தத்தையும் முதலில் கூட்டி, அந்த மொத்தங்களுக்கு இடைநிலை எடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

விரிதாளில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் போடலாம்:

```
=MEDIAN(B2:F2)
=AVERAGE(B2:F2)
```

திருத்தாமல் விட்டவரின் கட்டம் காலியாக இருக்கட்டும். அங்கே 0 என்று எழுதினால் இரண்டு சூத்திரங்களும் அதை மதிப்பெண்ணாகவே எண்ணிவிடும்.

இரண்டையும் போடச் சொல்வதற்குக் காரணம், அவற்றுக்கு நடுவே விழும் இடைவெளி. 8, 9, 9, 16, 17 என்று வந்தால் இடைநிலை 9, சராசரி 11.8. 9 போட்டவர்களில் ஒருவர் மனம் மாறி 16 போட்டால் இடைநிலை ஒரே தாவலில் 16 ஆகிவிடும். இங்கே திருத்தியவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்திருக்கிறார்கள், எந்தச் சூத்திரமும் உதவாது, ஆசிரியர் தாளைப் படிக்கத்தான் வேண்டும். 20-க்கு 2 மதிப்பெண் இடைவெளி வந்தாலே நான் நிறுத்திப் பார்ப்பேன்.

முதலில் பார்த்த கட்டுரையிலும் இடைவெளி சரியாக 2. மாணவிக்கு 15-ஐப் பதிவதற்கு முன், 3 போட்டவர் எழுதிய குறிப்பைத் திறந்து பார்க்க வேண்டும். ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால் 15 நிற்கட்டும். இரண்டாம் பத்தி அப்படியே வேறொரு இடத்திலிருந்து எடுத்தது என்று அவர் ஆதாரத்தோடு எழுதியிருந்தால், ஐவரில் ஒழுங்காகப் படித்தவர் அவர் ஒருவர்தான்.