இரண்டு வருடம் Nav2: எங்கள் ரோபோ நின்றுபோன இரண்டு இடங்கள்

கிடங்கில் அட்டைப்பெட்டிகளைச் சுமந்து போகும் ஒரு ரோபோவை இரண்டு வருடமாக Nav2 என்ற வழிநடத்தும் மென்பொருளை வைத்து ஓட்டி வருகிறோம். வட்டமான உடம்பு, ஆரம் 25 செ.மீ. முழங்காலுக்குக் கீழே, லேசரால் சுற்றிலும் தூரம் அளக்கும் ஒரே ஒரு 2டி லைடார். நன்றாக ஓடிய நாட்களைவிட, அது நின்றுபோன நாட்களில்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

ரோபோவுக்குத் தரை என்பது 5 செ.மீ. கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலைப்பட்டியல்தான் காஸ்ட்மேப். 254 என்றால் தடை. 253 என்றால், ரோபோவின் மையம் அங்கே வந்தால் உடம்பு இடித்துவிடும். அங்கிருந்து விலக விலக விலை குறைந்துகொண்டே போகும். இப்படி ஒரே நேரத்தில் இரண்டு காஸ்ட்மேப் ஓடுகின்றன. குளோபல் மேப்பில் சேமித்து வைத்த கட்டட வரைபடமும் லைடார் பார்த்ததும் சேர்ந்திருக்கும். குளோபல் பிளானர் அதைப் பார்த்து நொடிக்கு ஒருமுறை முழுப் பாதையைப் போடும். லோக்கல் மேப் ரோபோவைச் சுற்றி 3 மீட்டர் சதுரம்தான்; அதில் லைடார் பார்த்தது மட்டும் இருக்கும். அதை வைத்து லோக்கல் பிளானர் சக்கரங்களின் வேகத்தை நொடிக்கு 20 முறை முடிவு செய்கிறது.

முதல் சிக்கல் ஸ்டோர் ரூம் கதவு. அகலம் 80 செ.மீ. இரண்டு பக்கமும் 25 செ.மீ. கழித்தால், ரோபோவின் மையம் போக 30 செ.மீ., அதாவது ஆறு கட்டங்கள் இருக்கின்றன. தாராளமாகப் போதும். ஆனாலும் சில நாட்களில் வாசலில் நின்று, பாதையே இல்லை என்று சொல்லிவிடும்.

தடையைச் சுற்றி இப்படி விலையைப் பரப்பும் இன்ஃப்ளேஷன்தான் காரணம் என்று நினைத்து, விலை எவ்வளவு வேகமாகக் குறைய வேண்டும் என்று சொல்லும் cost_scaling_factor அளவை 3-இலிருந்து 10 ஆக்கினேன். இந்த எண்ணைக் கூட்டினால் விலை கூடாது, சீக்கிரம் சரியும். வாசலின் நடுவில் விலை 160-இலிருந்து 56 ஆனது. கதவில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அலமாரி முனைகளை உரசுவது போலப் போக ஆரம்பித்தது. 253 என்ற எல்லை ரோபோவின் ஆரத்தைப் பொறுத்தது, இந்த எண்ணைப் பொறுத்தது அல்ல. அடைபட்ட வழியை இது திறக்காது.

அப்புறம் ரோபோ பார்ப்பதைத் திரையில் காட்டும் RViz-இல் குளோபல் மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கதவின் நிலைச்சட்டம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது! ஒன்று சேமித்த வரைபடத்தில் இருந்தது, மற்றது 10 செ.மீ. தள்ளி லைடார் வரைந்தது. இடது பக்கம் வரைபடத்தின் நிலை, வலது பக்கம் லைடாரின் நிலை என்று எடுத்தால் வாசல் 70 செ.மீ.தான். ஆறு கட்டம் நான்காகும். கொஞ்சம் கோணமும் பிசகினால் அதுவும் போய்விடும். லோக்கல் மேப்பில் ஒரே நிலை, முழு 80 செ.மீ. ஓட்ட வேண்டியவருக்கு வழி தெரிகிறது, பாதை போடுபவருக்குத் தெரியவில்லை. காரணம், ரோபோ தன் இடத்தைத் தவறாகக் கணித்திருந்தது. சக்கர இடைவெளியை நாங்கள் தப்பாகக் கொடுத்திருந்ததால், வாசலுக்கு முன்னால் திரும்பும்போதெல்லாம் கோணம் பிசகியது. அதை அளந்து திருத்தியதும் சரியானது.

இதை ஏன் பல மாதம் கவனிக்கவில்லை என்றால், சிக்கிக்கொண்டால் மீள Nav2 தானாகச் செய்யும் ரிகவரி காப்பாற்றிக்கொண்டே இருந்தது. மாட்டிக்கொண்டால் இயல்பாக அது மேப்பை அழிக்கும், 90 டிகிரி சுழலும், 5 நொடி காத்திருக்கும், 30 செ.மீ. பின்வாங்கும். சுழலும்போது, ரோபோவின் இடத்தைக் கணிக்கும் AMCL புது ஸ்கேன்களை வாங்கித் தன் இடத்தைத் திருத்திக்கொள்ளும்; இரண்டு நிலைகளும் ஒன்றாகும்; ரோபோ உள்ளே போய்விடும். எந்த ரிகவரி பலன் தந்தது என்று பார்ப்பதுதான் இப்போது என் முதல் வேலை. சுழன்றதும் வழி கிடைத்தால் இடக் கணிப்பைச் சந்தேகப்படுவேன்.

மேப்பை அழித்ததும் வழி கிடைத்தால், இல்லாத தடை ஒன்று மேப்பில் தங்கியிருக்கிறது. லாரி ஏற்றும் பெரிய கதவுக்கு முன்னால் இதுதான் நடந்தது. ஆட்கள் குறுக்கே நடந்து போன பிறகும் அவர்கள் கால்தடம் புள்ளிகளாக அப்படியே நின்றது. ஒரு கட்டம் காலி என்று தெரிய, லேசர் கதிர் அதைத் தாண்டிப் போய் எங்காவது பட்டுத் திரும்ப வேண்டும். திறந்த வெளியில் படுவதற்கு ஒன்றும் இல்லை. அளவு inf, அதாவது முடிவிலி, என்று வரும். Nav2 அதை இயல்பாக ஒதுக்கிவிடும். காஸ்ட்மேப் அமைப்புக் கோப்பில், ஸ்கேன் பகுதியில் ஒரு வரி போதும்:

```yaml
inf_is_valid: True
```

சில லைடார் டிரைவர்கள் inf-க்குப் பதில் 0 அனுப்பும். அங்கே இந்த வரி பலன் தராது, டிரைவரைத்தான் மாற்ற வேண்டும். `ros2 topic echo /scan` போட்டு முதலில் பாருங்கள்.

பின்வாங்குவதை மட்டும் எடுத்துவிட்டோம். எங்கள் லைடாருக்குப் பின்புறம் தெரியாது, தெரியாத இடத்தை லோக்கல் மேப் காலி என்றே எடுத்துக்கொள்கிறது. ஒருமுறை பின்னால் குனிந்து பெட்டி எடுத்துக்கொண்டிருந்தவரின் காலில் போய் இடித்தது. இப்போது 20 நொடி காத்திருந்து, அப்போதும் வழி இல்லையென்றால் விளக்கைப் போட்டு நின்றுவிடும். யாராவது வந்து பார்ப்பார்கள்.